சிவப்புக் கட்டம்

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் உள்ளே வந்தார். கையில் அந்த மாதத்து மின்சார, தண்ணீர் மீட்டர் சுருக்கம்.

"என்னம்மா இது, ரத்தக்களறி?"

ஒரே ஒரு கட்டம்தான் சிவப்பு. மூன்று மாதச் சராசரியைவிடப் பத்து சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ கட்டம் தானாகச் சிவக்கும்படி கிளார்க்தான் அமைத்திருந்தாள். போர்வெல் மீட்டர், மாதம் அறுநூறு கிலோலிட்டர் காட்டுவது, இந்த முறை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

இரண்டு வருடமாக ஒரு கட்டமும் சிவந்ததில்லை. அதற்காகத் தலைமை அலுவலகம் தந்த கேடயம் இதே அறைச் சுவரில் பளபளத்தது. அந்த உற்சாகத்தில்தான், இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு ரீடிங்குக்கும் செல்போன் படம் வேண்டும் என்று உத்தரவும் போட்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் குழாய்களையும் அடைத்துப் பார்த்தார்கள். மேல்தொட்டியின் மட்டம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. கசிவு இல்லை.

"அப்ப லாரிக்காரனுக்கு வித்திருக்கான்" என்றார் மேனேஜர். ரீடிங் எடுப்பதும் வால்வு திறப்பதும் பிளம்பர் ஒருவர்தான். மாலைக்குள் சஸ்பென்ஷன் கடிதம் தயாராக வேண்டும்.

பிளம்பர் வாசலில் நின்றார். பதினெட்டு வருட வேலை முகத்தில் வியர்த்துக் கொட்டியது. "தங்கச்சி, என் பிள்ளைங்க மேல சத்தியமா ஒரு குடம் வெளிய போகலை."

அவர் பேச்சில் அவளுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பம்ப் மோட்டாருக்குத் தனியாக உள்ள மின்மீட்டர் வரிசையைப் பார்த்தாள். அதை எடுப்பது எலெக்ட்ரீஷியன். மாதம் எண்ணூறு யூனிட். இந்த மாதமும் எண்ணூற்றுச் சொச்சம்தான்.

"சார், தண்ணி மூணு மடங்கு ஏறியிருந்தா மோட்டாரும் மூணு மடங்கு ஓடியிருக்கணுமே? மோட்டார் யூனிட் அசையவே இல்லையே!"

மேனேஜர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். தயாராகியிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "தப்பிச்சேய்யா. தங்கச்சிக்கு ஒரு கும்பிடு போடு."

பிளம்பர் போட்டார்.

அவள் பேனாவை விடவில்லை. போர்வெல்லுக்குப் புது மீட்டர் மாட்டி ஆறு மாதம்தான் ஆகிறது; அந்த ஆறு மாதத்தையும் கூட்டி ஆறால் வகுத்தாள். மாதம் எண்ணூற்று ஆறு. தண்ணீர் எப்போதும் இவ்வளவுதான் போயிருக்கிறது. குறைத்து எழுதியதெல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுந்திருக்கிறது.

"அண்ணே, போன மாசம் வரைக்கும் அறுநூறு, அறுநூத்தி அஞ்சு, ஐநூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு அழகா வந்துச்சே, அதெல்லாம் எந்த மீட்டர்ல பாத்தீங்க?"

பிளம்பர் மேனேஜரைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"போன மாசம் வரைக்கும் நீங்க போட்டோ கேக்கலையே, தங்கச்சி!"