ஒரு பக்கத்துக்குள் முகமாற்றம்

தில்லை நகரில் அந்தப் பள்ளியில் எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு பக்கத்திலும் கால் பங்கைப் பள்ளியின் சின்னம் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே தாளாளர் அற்புதசாமியின் பொன்மொழி ஒன்று வாராவாரம் மாறிக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் நியூட்டனும் சோழர்களும் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

மணிமேகலை பதினொன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் எடுப்பவள். இந்த வருஷம் ஊடக வகுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வீடியோவில் ஒருவர் முகத்தை இன்னொருவர் மேல் ஒட்டும் ஃபேஸ் ஸ்வாப் எப்படி நடக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பாடத்திட்டம் எழுதினாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காவிரிப் பாலம் கடப்பது தெரியாமல், யாரோடும் பேசாமல் யோசித்து யோசித்து எழுதினாள். அது நான்கு பக்கம் வந்தது.

அதை ஒரு பக்கமாக்கும் பொறுப்பு துணை முதல்வர் ஜோதியுடையது. ஜோதிக்குச் சிவப்புப் பேனா என்றால் உயிர். முகமாற்றம் எப்படிச் செய்யப்படுகிறது என்ற பகுதியை முதலில் வெட்டினார். சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் செய்துவிடுவார்களாம். 'இந்த அடையாளங்கள் எதுவும் தனியாக ஆதாரம் ஆகாது. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மங்கிய நிஜ வீடியோவிலும் இவை தெரியும். வீடியோ எங்கிருந்து வந்தது, முதல் பிரதி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்' என்ற பகுதியை இடமில்லை என்று வெட்டினார். கடைசியில் மிஞ்சியது ஒரு கட்டம். தாடை ஓரம் மங்கல், முகத்துக்கும் கழுத்துக்கும் நிற வேறுபாடு, மீசையில் அலைச்சல், பல் தெளிவின்மை என்று ஓர் அட்டவணை. எதிரே டிக் அடிக்கப் பெட்டிகள். கண் சிமிட்டாமை என்பதை மணிமேகலை 'பழைய அளவுகோல், இன்று பயன்படாது' என்று எழுதியிருந்தாள். ஜோதி பின்பாதியை மட்டும் நீக்கிவிட்டார். அட்டவணையின் அடியில் 'பாதிக்கு மேல் டிக் இருந்தால் போலி' என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்தார். அது நிறைவாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டார்.

மணிமேகலை அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய சுபாவம் அது. சொல்ல வேண்டியது மனதுக்குள் நன்றாக வெந்து ஆறிய பிறகுதான் வாய்க்கு வரும். அதற்குள் மணி அடித்துவிடும்.

அடுத்த வாரம் பள்ளியில் குடிநீர் இயந்திரத் திறப்பு விழா. அற்புதசாமி ரிப்பன் வெட்டினார். குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தார். போட்டோகிராபரைப் பார்த்து வாயருகே கொண்டுபோய் நின்றார். போட்டோ முடிந்ததும் தண்ணீரைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டு, காரிலிருந்து வந்த பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

அன்று மட்டும் ஊடக வகுப்புப் பிள்ளைகள் போன் கொண்டுவரலாம் என்று அனுமதி. விழாவைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஜோதி கொடுத்த வேலை. சம்ரீன் பிடித்தாள். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் அப்துல் மாலிக்கின் மகள். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாத பெண். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து வகுப்புக் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது பெற்றோர் குழுவுக்குப் போனது. பெற்றோர் குழுவிலிருந்து ஊருக்கே போனது.

"அது நான் இல்ல. ஃபேஸ் ஸ்வாப்" என்றார் தாளாளர்.

அத்தனை பிள்ளைகளும் மைதானத்தில் நின்று பார்த்த காட்சி அது. ஆனாலும் அவர் சொன்ன தோரணையில் ஜோதிக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, தான் அன்று பள்ளிக்கு வந்தோமா என்று. சம்ரீனின் போனைப் பறிமுதல் செய்தார். வீடியோ மேலும் பரவாமல் இருக்க அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தார். அப்புறம் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, யாரோ யாருக்கோ அனுப்பி மங்கிப்போன பிரதியை ஓடவிட்டு டிக் அடித்தார்.

தாடை மங்கலாக இருந்தது. எட்டுக் கைமாறிய வீடியோவில் குரோட்டன்ஸ் செடியும்தான் மங்கலாக இருந்தது. முகம் கழுத்தைவிட வெளுப்பாக இருந்தது, விழா என்றால் தாளாளர் பவுடர் தாராளமாகப் பூசுவார். மீசை அலைந்தது, அன்று காலை அடித்த டை காயவில்லை. கேமராவைக் கண்டால் அவர் கண் சிமிட்டுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பல் டம்ளருக்குப் பின்னால் தெளிவில்லாமல் இருந்தது. ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை.

விசாரணைக்கு அப்துல் மாலிக்கை வரச் சொன்னார்கள். சம்ரீனின் டி.சி. தயாராக அடித்து மேஜைமேல் இருந்தது. நன்னடத்தைக்கு எதிரே இடம் காலியாக விடப்பட்டிருந்தது. வீடியோ போலி என்று ஜோதி அடித்துவைத்திருந்த வல்லுநர் அறிக்கையில் மணிமேகலை கையெழுத்துப் போட்டால் போதும், அந்த இடம் நிரம்பிவிடும். நன்னடத்தை சரியில்லை என்று வருஷத்தின் நடுவில் டி.சி. வாங்கிய பெண்ணை எந்தப் பள்ளி சேர்க்கும்? மண்டியில் உட்கார வேண்டியதுதான். மாலிக் தொப்பியைக் கையில் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சம்ரீன் சுவரோரம் நின்றாள்.

ஜோதி கட்டத்தைக் காட்டி ஒவ்வொரு டிக்காக விளக்கினார். எல்லாம் மணிமேகலை மேடத்தின் பாடத்திட்டத்தின்படிதான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

மணிமேகலை அறிக்கையைப் படித்தாள். மறுபடி படித்தாள். மின்விசிறி கடகடத்தது. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவள், பள்ளியின் சேர்க்கை விளம்பரத்தில் தாளாளர் பேசும் வீடியோவைத் தன் போனில் எடுத்து ஜோதியிடம் நீட்டி, இதற்கும் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

ஜோதி உற்சாகமாக ஆரம்பித்தார். தாடை டிக். பவுடர் டிக். மீசை டிக். கண் சிமிட்டாமைக்கு வந்தபோது பேனா தயங்கியது. அதற்குள் பாதியைத் தாண்டிவிட்டிருந்தது.

"சார், இதுவும் நீங்க இல்லைங்க" என்றார் ஜோதி, மெல்ல.

"விளம்பரத்தையும் எவனோ ஸ்வாப் பண்ணியிருக்கான்னா, அதையும் எடுத்துடுங்க" என்றார் தாளாளர். அவர் சளைக்கிற ஆள் இல்லை.

மணிமேகலைக்கு இப்போதுதான் உள்ளே வெந்துகொண்டிருந்தது பதத்துக்கு வந்தது.

"சார், முகமாற்றத்துல மாறுறது நெத்தியிலேருந்து தாடை வரைக்கும்தான். உடம்பு, கை, சட்டை, மோதிரம் எல்லாம் அங்க நிஜமா நின்ன ஒருத்தரோடது. சம்ரீன் உங்க முகத்தை ஒட்டியிருந்தா, அதுக்கு அடியில ஒரு ஆள் நின்னிருக்கணும். தண்ணியைத் தொட்டியில ஊத்தினது யாருங்க?"

தாளாளரின் வலது கை தானாக மேஜைக்கு அடியில் போனது. அந்தக் கையில் பச்சைக் கல் மோதிரம், வீடியோவில் டம்ளரைவிடத் தெளிவாகத் தெரிவது.

ஜோதிதான் முதலில் சுதாரித்தார். பி.டி. வாத்தியார் சுடலைமுத்துவுக்கும் கிட்டத்தட்ட அதே உடல்வாகு என்றார். சுடலைமுத்துவை மைதானத்திலிருந்து கூப்பிட்டார்கள். விசிலோடு வந்தவரிடம், அன்று தண்ணீரை ஊற்றிய உடம்பு அவருடையதா என்று கேட்டார்கள். அவர் இருபது வருஷமாக இந்தப் பள்ளியில் இருப்பவர், எந்தக் கேள்விக்கும் அசராதவர். வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"உடம்பு கொடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா சாருக்குப் பக்கத்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதும் நான்தான். ரெண்டு இடத்துல எப்படி நிக்கிறது?"

சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். வெளியே விசில் கேட்டது.

அப்துல் மாலிக் தொப்பியைத் தலையில் வைத்தார். "முகம் யாரோடதுன்னு நான் கேக்கல சார். அந்தத் தண்ணியைப் பிள்ளைங்க குடிக்கலாமா? அதை மட்டும் சொல்லுங்க."

தாளாளர் குரலை இறக்கினார். பெண்ணின் எதிர்காலத்தைக் கருதி ஒரு சமரசம் செய்யலாம் என்றார். டி.சி. வேண்டாம். அறிக்கையில் 'வீடியோ அசலா போலியா என்று கண்டறிய இயலவில்லை' என்று எழுதி மேடம் கையெழுத்துப் போடட்டும், பெண் இப்போதே வகுப்புக்குப் போகட்டும். மாலிக் மணிமேகலையைப் பார்த்தார். போட்டுவிடுங்கள் என்றது அந்தப் பார்வை. ஒரு வரிதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று மணிமேகலைக்கும் தோன்றியது. பேனாவைத் திறந்தாள்.

"மிஸ்" என்றாள் சம்ரீன். அன்று அவள் அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்படிப் போட்டா நான் செஞ்சிருக்கலாம்னுதானே அர்த்தம்?"

"சும்மா இரும்மா" என்றார் மாலிக்.

"இல்ல, அத்தா. கண்ணால பார்த்ததைத்தான் எடுத்தேன்."

மணிமேகலை அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அறிக்கையில் அச்சடித்திருந்த எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'வீடியோ அசல். முகத்துக்குக் குறுக்கே டம்ளர் போகும்போது முகம் எங்கும் கலையவில்லை. மோதிரமும் சட்டையும் விழாவின் மற்றப் படங்களோடு ஒத்துப்போகின்றன. விழாவை நேரில் பார்த்தவர்களுள் நானும் ஒருத்தி.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

தாளாளர் அதைப் படித்தார். கண் சிமிட்டாமல் படித்தார். கிழித்துப் போட்டால் கிழித்ததற்குச் சாட்சியாக மாலிக் உட்கார்ந்திருக்கிறார். வைத்துக்கொண்டால் காகிதம் இருக்கிறது. டி.சி. கொடுத்தால் காரணம் எழுத வேண்டும், அதைக் காந்தி மார்க்கெட் முழுக்கப் படிக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அறிக்கையையும் டி.சி.யையும் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"பொண்ணு கிளாசுக்குப் போகட்டும்."

மறுவாரம் கால அட்டவணை மாறியது. ஊடக வகுப்பு நீக்கப்பட்டது. அந்த நேரத்துக்கு 'அழகிய கையெழுத்து' என்று புதிய வகுப்பு வந்தது. ஆசிரியர் மணிமேகலை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இரட்டைக் கோட்டு நோட்டு வழங்கப்பட்டது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பள்ளியின் வளர்ச்சி என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது. கையெழுத்து வகுப்புக்கும் பாடத்திட்டம் வேண்டும் என்றார் ஜோதி. 'கரும்பலகையில் எழுதும் வாக்கியங்களை மாணவர் பார்த்து எழுதுவர்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள் மணிமேகலை. என்ன வாக்கியங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் இருந்ததால் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார்.

மணிமேகலை வகுப்புக்குள் போனாள். சம்ரீன் இரண்டாவது பெஞ்சில் நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள். எல்லோரும் உட்கார்ந்ததும் மணிமேகலை கரும்பலகையில் குண்டு குண்டாக எழுதினாள்: 'கணினி முதலில் வீடியோவின் ஒவ்வொரு சட்டகத்திலும் முகம் இருக்கும் இடத்தைத் தேடிக் கண், மூக்கு, வாய்க்குப் புள்ளி வைக்கிறது. பின்பு, வேறொருவர் முகத்தை அதே கோணத்திலும் அதே பாவத்திலும் புதிதாக வரைந்து மேலே பொருத்தி, ஓரங்களைக் கலக்கிவிடுகிறது. முன்பு இதற்கு நூற்றுக்கணக்கான படங்கள் தேவைப்பட்டன. இன்று ஒரு படமே போதும்.'

"கோட்டைத் தாண்டாம எழுதுங்க. ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை" என்றாள்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். நடுவில் ஜோதி வராந்தாவில் போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்தார். சத்தமில்லாத வகுப்பைக் கண்டால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். முன்வரிசையில் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"லகரம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.