அஷ்டமியில் ஒரு டிக்கெட்

ஹம்ஸா போனைக் கீழே வைப்பாள், எடுப்பாள். நாளை ராத்திரி கோலாலம்பூர் விமானம். பாஸ்போர்ட்டோ இன்னும் கைக்கு வரவில்லை.

டிக்கெட் வாங்கிய பிறகுதான் பார்த்தாள், பழைய பாஸ்போர்ட்டில் ஆறு மாதம்கூட மிச்சமில்லை; அதற்குக் குறைந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று. விசாரிக்கப் போலீஸ்காரர் அடைக்கலராஜ் வந்தபோதெல்லாம் வீடு பூட்டு. கோயிலில் ராப்பத்து உற்சவம் நடக்கிற நாளில் ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டில் இருப்பார்கள், சொல்லுங்கள்! கோலாலம்பூரில் இருக்கும் தங்கை மாலினிக்கு இது தலைப்பிரசவம். தாயில்லாத பெண்ணுக்கு அக்காதான் எல்லாம்.

அபராதம் இல்லாமல் தேதியை மாற்றித் தரும்படி விமானக் கம்பெனிக்கு மெயில் போட்டிருந்தாள். பாஸ்போர்ட் விண்ணப்ப ரசீதையும் இணைத்திருந்தாள். காலையில் பதில் வந்தது. கணவன் ஜகன்னாத் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அஷ்டமி, நவமி, செவ்வாய் தவிர எந்த நாளானாலும் சரின்னு எழுதியிருக்கியே! அவா பஞ்சாங்கமா வெச்சுண்டிருக்கா?"

"உங்கம்மாதான் எழுதச் சொன்னா."

"அபராதம் வேண்டாம்னுட்டா. ஆனா ஒரு தடவைதான். ஒரே தேதியா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு நீ ஏறலைன்னு டிக்கெட்டே போயிடும்."

கம்பெனியின் இணையதளத்தில் பார்த்தால், இடம் இருந்தது இரண்டே நாள். வருகிற வியாழன், அது அஷ்டமி. விட்டால் அதற்கடுத்த வாரம். டாக்டர் மாலினிக்குச் சொன்ன தேதி தாண்டிவிடும்.

ஹம்ஸா அடைக்கலராஜுக்குப் போன் போட்டாள்.

"நேத்தே ரிப்போர்ட்டை அனுப்பிட்டேங்க. இனிமே பாஸ்போர்ட் ஆபீஸ் பிரிண்ட் போட்டுத் தபால்ல அனுப்பணும். வியாழனுக்குள்ள வந்துடும்னு நான் எப்படிங்க வாக்கு குடுக்கறது?"

வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். வியாழன் என்று சொல்லி பாஸ்போர்ட் வராவிட்டால் இரண்டாம் சலுகை கிடையாது. அடுத்த வாரம் என்றால் பத்திரம்தான். ஆனால் வலியெடுக்கும்போது மாலினி யார் கையைப் பிடிப்பாள்?

மாமியார் வைதேஹி சமையலறையிலிருந்தே கேட்டாள். "ஏண்டி, கூண்டுப் புலி மாதிரி என்ன நடை?"

"வியாழன்தான் கிடைக்கறதும்மா. அஷ்டமி."

கரண்டிச் சத்தம் நின்றது.

"கிருஷ்ணன் எந்தத் திதியில பொறந்தானாம்? பிரசவம் பார்க்கப் போறவளுக்கு அதைவிட நல்ல நாளா? போடு!"

இந்த முறை மெயிலில் பெயர், பதிவு எண், தேதி, அவ்வளவுதான். அனுப்பிவிட்டு நகம் கடித்தாள். விளக்கேற்றும் வேளைக்குப் பதில் வந்தது: வியாழன், உறுதி. உடனே பாஸ்போர்ட் நிலவரத்தைத் திறந்தாள். இன்னும் அச்சுக்கே போகவில்லை.

போன் அடித்தது. மாலினி.

"அக்கா, நிஜமா எப்ப வரே?"

"வியாழக்கிழமைடி," என்றாள் ஹம்ஸா. 'பாஸ்போர்ட் வந்தால்' என்பதை விழுங்கிவிட்டாள்.