போடியாரின் கடிகாரம்

வரிப்பத்தான்சேனை வயல் வட்டையில் அச்சிமுகம்மது போடியாருக்கு நாலு ஏக்கர் வேளாண்மை. கதிர் முற்றிச் சரிந்துவிட்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்று பின்னேரத்துக்குள் வெட்டாவிட்டால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். இது போடியாருக்கும் தெரியும். தெரிந்தும் அவருக்கு அவசரம் கிடையாது, ஏனென்றால் அவர் போடியார், நிலத்துக்குச் சொந்தக்காரர்.

வெட்டு மெசின்காரன் றிம்சான் காலையில் ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தான்: "இண்டைக்கு ஒங்கட வட்டைக்கு வாறன். பத்து மணிக்குள்ள ஓம் எண்டு போடுறவங்கட வயல் மட்டும் வெட்டுவன். பிறகு தம்பிலுவில் பக்கம் போயிருவன்." வரிசைக்கு அவன் வைத்திருக்கும் சட்டம் அது.

போடியார் அதை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே படித்தார். படித்த கையோடு பதில் போட்டால் மெசின்காரன் தலையில் ஏறிவிட மாட்டானா? சட்டைப்பைக்குள் போனை வைத்துக்கொண்டு, கௌரவமாக மோட்டார்சைக்கிளில் வயலுக்கு வந்தார். வயலில் நெட்வேர்க் எப்போதாவது எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அங்கே வைத்து, ஒன்பதரைக்குத்தான் அவருக்கு மனம் இரங்கியது. "ஓம், வா" என்று போட்டார்.

செய்தியின் ஓரத்தில் குட்டிக் கடிகாரம் ஒன்று வந்தது.

போடியாருக்குச் சுரீரென்றது. கடிகாரம் காட்டுகிறானா? தன்னைக் காத்திருக்கச் சொல்கிறானா? கோல் எடுத்துப் பார்த்தார், ரிங்கே போகவில்லை. அதுவும் அவன் திமிர்தான் என்று முடிவு கட்டினார். பத்து நிமிடம் கழித்து, "என்ன, பதில் இல்லையா?" கடிகாரம். "பெரிய மனிசனாகிட்டியோ?" கடிகாரம். "ஒண்ட மெசின் எனக்கு வேணாம். கொண்டுபோய்க் கடல்ல போடு." அதற்கும் கடிகாரம். எழுத்தில் ஆத்திரம் தீராமல் இரண்டு நிமிடக் குரல் பதிவொன்றும் போட்டார். அதில் றிம்சானின் மூன்று தலைமுறையும் வந்துபோனது.

பக்கத்து வயல் ஜவாத் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலையில் வீட்டிலிருந்தே "ஓம்" போட்டுவிட்டவர். போடியார் போனை நீட்டினார்.

"பாரு மச்சான், மணிக்கூட்டக் காட்டி என்னைக் காக்க வைக்கிறான்!"

ஜவாத் பார்த்தார். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"மச்சான், இது அவன் காட்டுற மணிக்கூடில்ல. ஒண்ட போன் காட்டுறது. சிக்னல் இல்லாததால எல்லாம் ஒண்ட போனுக்குள்ளேயே வரிசையா நிக்கிது. கம்பனிட சேர்வருக்குப் போனாத்தான் ஒரு சரி அடையாளம் விழும். அவண்ட போனுக்குப் போய்ச் சேர்ந்தா ரெண்டு சரி."

"அப்ப அவன் ஒண்டும் பாக்கல்லியா?"

"ஓம். நீ ஏசினதையும் பாக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப அந்த 'ஓம்'ம முதல்ல அனுப்பணும். நேரம் பத்தாகப் போகுது!"

"பொறு மச்சான், ஏச்சையெல்லாம் அழிச்சிட்டு…"

யார் கேட்பது? அறுபது வயதுப் போடியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டுக்கு ஓடினார். உயரத்தில் ஏறி, போனைத் தலைக்கு மேல் பிடித்தார். ஒரு கோடு சிக்னல் வந்தது.

போன் தன் கடமையைச் செய்தது. யாரும் எதையும் மறுபடி அழுத்தவில்லை. முதலில் எழுதியது முதலில், கடைசியில் எழுதியது கடைசியில் என்று ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. "ஓம், வா" போனது. "பதில் இல்லையா" போனது. "பெரிய மனிசன்" போனது. கடலும் போனது. எல்லாவற்றுக்கும் இரண்டு சரி. குரல் பதிவு மட்டும் பாரம் என்பதால் கடிகாரத்தோடு இழுத்துக்கொண்டு நின்றது. உடனே அதை அழித்தார். மூன்று தலைமுறையும் தப்பியது. எழுத்து தப்பவில்லை.

காக்கா என்ற அண்ணன் மரியாதை குறையாமல் றிம்சான் பதில் போட்டான்: "சரி காக்கா. வேணாமெண்டா வேணாம்."

போடியார் கோல் எடுத்தார். ரிங் போனது, அவன் எடுக்கவில்லை. தலை குனிந்து வயலுக்கு இறங்கினார்.

பதினொரு மணிக்கு மெசின் வந்தது, ஜவாத்தின் வயலுக்கு. தன் வரம்பில் குந்தியிருந்த போடியார் நீண்டதொரு செய்தி எழுதினார். தம்பி என்று தொடங்கி, அல்லாஹ்வுக்காக என்று முடித்தார். அனுப்பினார்.

கடிகாரம்.

இருபது முழத்துக்கு அப்பால் றிம்சான் மெசினில் இருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனாலும் போடியார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜவாத்தின் வயல் முடியும் தறுவாயில், முதல் மழைத்துளி போனின் கண்ணாடியில், சரியாக அந்தக் கடிகாரத்தின் மேல் விழுந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து நடந்தார். மெசினுக்கு முன்னால் போய், ஜவாத் பார்க்க, இரண்டு கையையும் தூக்கினார்.

றிம்சான் மெசினை நிறுத்தினான்.

"நான் ஏசினது பிழை தம்பி. எண்ட வயலுக்கும் வா."

றிம்சான் வானத்தைப் பார்த்தான், போடியாரைப் பார்த்தான்.

"இதக் காலையில ஊட்டுல இருந்து போட்டிருந்தா ஒரே ஒரு 'ஓம்' தானே காக்கா. முதல்ல ஒங்கட வயலத்தான் வெட்டியிருப்பன்."

மெசின் வரம்பைத் தாண்டித் திரும்பியது. இரண்டு ஏக்கர் வெட்டி முடிந்தபோது மழை கொட்டியது. மற்ற இரண்டு ஏக்கரும் போடியார் கண் முன்னாலேயே தண்ணீரில் படுத்தன.

வீட்டுக்குப் போகும் வழியில், சந்தியில், சட்டைப்பைக்குள் போன் அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டு முடித்தது. இரண்டு சரி விழுந்தது.