வாய் மூடப் பழகின காலைகள்

நான் ஓய்வு பெற்ற மறுநாள் திருகோணமலைத் துறைமுகமே மூழ்கிவிடும் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். வாழ்நாள் முழுக்க இழுவைப் படகில் சுக்கான் பிடித்தவன். இந்த பற்றிக் என்கிறவன் இழுத்து அணைக்காவிட்டால் கப்பலெல்லாம் கரையிலுள்ள சுவாமி மலையில் ஏறி நிற்கும் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கப்பல்கள் கொஞ்சமும் மரியாதையில்லாமல் ஒழுங்காகவே வந்து போயின.

முதல் மாதம் திருவிழா. பிறகு தொடங்கியது வியாதி. விடிய முன்னமே முழிப்பு வந்துவிடும். சவரம் செய்து, சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் கதிரையில் இருப்பேன். பகலெல்லாம் நித்திரை, இரவெல்லாம் முழிப்பு. செவ்வாயா வியாழனா என்றும் தெரியாது. ஒருநாள் குசினிக்குள் புகுந்து கறிச்சரக்குப் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கி வைத்தேன். மனைவி அருள்மலர் சத்தம் போடவில்லை; துறைமுக ஜெற்றிப் பக்கம் போய் ஆரையாவது அதிகாரம் பண்ணிப்போட்டு வரச் சொன்னாள். போனேன். வாசல் காவலாளி கதிரை தந்தான், தேத்தண்ணி தந்தான், உள்ளே மட்டும் விடவில்லை. திரும்பி வரும்போது, நான் செத்தால் எத்தனை கப்பல் ஊதும் என்று யோசித்துப் பார்த்தேன். எதையும் கூட்டிச் சொல்லுகிற நான் எண்ணியும் ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த நேரத்தில்தான் கலீலுக்குப் பாரிசவாதம் அடித்தது. கலீலுர் றஹ்மான் என் படகின் எஞ்சின்காரன். வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்கும். சொல்ல நினைத்ததும் உள்ளே இருக்கும். சொல்தான் வாய்க்கு வராது. தண்ணீர் கேட்க நினைத்து "கயிறு" என்பான். பிழை என்று தெரிந்து அழுவான். ஆனால் குர்ஆன் சூறா ஓதத் தொடங்கினால் தடங்கலில்லாமல் ஓடும். அதைக் கேட்ட அவன் மனைவி ஸல்ஹா, சுகமாகிவிட்டது என்று அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டா. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கஜந்தி விளக்கினா: மனப்பாடமானது வேறு வழியால் வரும், சொல்லைத் தேடி எடுக்கிற இடம்தான் அடிபட்டிருக்கு. கிழமைக்கு ஒருதரம் கிளினிக் போதாது. ஒவ்வொரு நாளும் வீட்டிலும் ஆராவது செய்விக்க வேணும். ஸல்ஹாவின் தையலில்தான் வீடு ஓடியது. நான் கையைத் தூக்கினேன்.

ஆனால் தொடக்கத்தில் என்னைப்போல மோசமான வாத்தியார் இலங்கையிலேயே இல்லை. அவன் "தே..." என்றால் நான் தேத்தண்ணி, தேங்காய், தேர் என்று கடையே விரித்துவிடுவேன். கஜந்தி பார்த்துக்கொண்டே இருந்தா.

"ஐயா, அவர் தேடுற சொல்லை நீங்கள் எடுத்துக் குடுத்தால் தேடுறதையே விட்டிடுவார். நீங்கள் வாயை மூடப் பழகுங்கோ."

அருள்மலர் கலியாண நாளிலிருந்து முயன்று தோற்ற வேலை அது. பழகினேன். படத்தைக் காட்டிவிட்டுப் பொறுக்க வேணும். வராவிட்டால் பாதி வசனம்: "எஞ்சினுக்கு ஊத்துறது..." அதுக்கும் வராவிட்டால் முதல் எழுத்து. முழுச் சொல் கடைசியில்தான். அந்த இடைவெளிக்குள் ஒரு எண்ணெய்க் கப்பலையே திருப்பிவிடலாம்.

இளைப்பாற மட்டும் கதை சொல்லுவேன். ஒருநாள், புயலுக்குள் நான் ஒரே கயிற்றில் மூன்று கப்பலை இழுத்து வந்த வரலாற்றைச் சொன்னேன். கலீல் வாயைத் திறந்தான். நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒண்டு."

"மூண்டு மச்சான்."

"ஒண்டு!" இடது கையால் மேசையில் ஒரு அடி.

உள்ளே தையல் மெசின் நின்றது. ஸல்ஹா வாசலில் நின்று அழுதா.

அதுக்குப் பிறகு பொய்யே எனக்கு உத்தியோகம். பின்னேரமே மறுநாள் பொய்யைத் தயாரித்துவிடுவேன். அவன் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவான். எனக்கு இரவில் நித்திரை வந்தது. செவ்வாய் செவ்வாயாகவே வந்தது. காய்ச்சலில் ஒருநாள் போகாமல் விட, கலீல் உடுத்திக்கொண்டு வாசலைப் பார்த்தபடி சாப்பிடாமல் இருக்கிறான் என்று ஸல்ஹா போன் எடுத்தா.

மாரி மழை தொடங்கப் பாரிசவாதம் மறுபடியும் அடித்தது. இந்த முறை சூறாவும் போய்விட்டது. நாங்கள் சொல்வது விளங்குதா என்று டாக்டராலும் சொல்ல ஏலாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போனேன். ஸல்ஹா வாசலிலேயே மறித்தா.

"இனிப் பேச்சு வராதாம் அண்ணன். நீங்கள் மழைக்குள்ள வீணா அலையாதீங்க."

"தங்கச்சி," என்றேன், "என்னை இன்னொருதரம் ஓய்வில அனுப்பாதேங்கோ."

அவ விலகி நின்றா.

இப்போது காலைக் கஞ்சி என் பொறுப்பு. கெட்டியாகக் காய்ச்ச வேணும், தண்ணியாக இருந்தால் சுவாசப்பைக்குள் போய்விடும். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தி, நாடி நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ, சின்னக் கரண்டியால் வாய்க்குள் வைப்பேன். சிரிப்புக் காட்டக் கூடாது, புரையேறும். அதனால் ஒன்றும் கதைக்காமல் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சிலநேரம் வெகுநேரம் அசையாது. பிறகு மெல்ல ஏறும். இறங்கும்.

அதுக்குப் பிறகுதான் அடுத்த கரண்டி.