காதில் சொன்னது

பெரியவர் காலமானதும் மடத்தில் அவர் மகன் உட்கார்ந்தான். சின்னவர் என்கிறார்கள். வந்ததும் வராததுமாக ஓர் உத்தரவு: பழைய சீடர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தங்கள் மந்திரத்தைச் சொல்ல வேண்டும், உச்சரிப்பு சரிபார்க்கப்படும்.

பெரியவர் என்னையும் என் கணவரையும் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் அலையவிட்டு, எங்கள் கோபத்தையும் பொறுமையையும் பார்த்துவிட்டுத்தான் தீட்சை கொடுத்தார். குளித்து, ஹோமத்தின் முன் உட்கார்ந்தோம். தலையில் கை வைத்து, எங்கள் மேல் துணியைப் போர்த்தி, வலது காதில் மந்திரம் சொன்னார். அதுவரை சாமியைக் கும்பிடத்தான் எங்களுக்கு உரிமை. அன்றிலிருந்து எங்கள் கையாலேயே பூஜை செய்யலாம், தினமும் ஜபிக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. இது அவருடைய குரு அவருக்குக் கொடுத்தது என்றார். குரு கொடுக்காமல் கிடைத்தால் அது வெறும் எழுத்து, நீங்கள் கரையேறுவது இனி என் பொறுப்பு என்றும் சொன்னார்.

என் முறை வந்தது. சின்னவர் சென்ட் மணக்க என் பக்கம் காதைச் சாய்த்தான்.

"உங்க அப்பா உங்களுக்கும் கொடுத்திருப்பாரே. நீங்க முதல்ல சொல்லுங்க. சரியா தப்பான்னு நான் சொல்றேன்" என்றேன்.

ஏசி அறையில் அவனுக்கு வியர்த்தது. மகனுக்குப் பக்குவம் போதாது என்று பெரியவர் தீட்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது எல்லோருக்கும் தெரியும். கடைசிவரை கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்காதவன் எதைக் கொடுப்பான்? மறுநாள் என் நாத்தனாருக்கு இவன்தான் தீட்சை கொடுப்பதாக ஏற்பாடு. பாவம், பெரியவர் கையால் வாங்கக் காத்திருந்தவள்.

மந்திரத்தைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்து, அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினேன். அவர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் போன வாரமே அவர்கிட்ட மந்திரத்தைச் சொல்லிட்டேன். அது சரிதானான்னுதான் மத்தவங்களைக் கேட்கிறார்" என்றார். "மடத்துல செயலாளர் பதவி காலியா இருக்கு. அதே மந்திரம்தானே, யார் சொன்னா என்ன?"

இந்த மனிதரோடு ஒரே துணிக்கடியில் உட்கார்ந்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது. சாக்கடையில் கை விட்டதுபோல் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாத்தனார் மறுநாளுக்காகப் புதுப் புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பட்டினி வேறு. முகம் வெளிறிவிட்டது.

"அண்ணி, அப்போ நாளைக்கு எனக்கு எதுவும் கிடைக்காதா?"

"எழுத்து கிடைக்கும்" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் புடவையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். கூந்தலை ஒதுக்கி, வலது காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"அவன் நாளைக்குச் சொல்லப்போறது நீ சொன்னதுதானே அண்ணா? அவ்வளவு தூரம் எதுக்கு? நீயே இப்பச் சொல்லிடு."

அவர் வாயைத் திறந்தார். பிறகு குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவள் காதை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.