தவணை

மகன் ஜெனித் அனுப்பிய கூரியரைப் பிரித்தபோது உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வங்கியின் ஃபாரம், முழுக்க இங்கிலீஷ். கீழே மகனின் கையெழுத்து மட்டும் விழுந்திருந்தது. மற்றது கடிதம். போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று ஆசீர்வாதத்துக்கு எரிச்சல். ஆனால் ஜெனித் ஓசூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் என்ஜினியர். கணக்கென்றால் காகிதத்தில் போட்டுக் காட்டாமல் விடமாட்டான். போனில் சொன்னால் அப்பா "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆசீர்வாதம் ஐந்தாவதோடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். அதனால் அருள்செல்விதான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"அன்புள்ள அப்பா, அம்மா. ஒரு மா நிலம் விற்ற ஐந்து லட்சத்தில் மாடி போடலாம் என்றீர்கள். போடாதீர்கள். வீட்டுக் கடன் இருபது லட்சம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மாதம் 17,356 ரூபாய் வீதம் முப்பத்தாறு மாதம் கட்டியாயிற்று. மொத்தம் ஆறு லட்சத்து இருபத்தைந்தாயிரம். இதில் அசலில் கழிந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சத்து முப்பதாயிரம். மீதி ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, எல்லாம் வட்டி."

"திருப்பிப் படி," என்றார் ஆசீர்வாதம்.

அவள் திருப்பிப் படித்தாள். எண் மாறவில்லை.

"களத்தில் குத்தகை நெல்லை முதலில் அளந்துகொண்டு மிச்சத்தை நமக்கு விடுவார்கள் என்று தாத்தா கதை சொல்வீர்களே, அதே மாதிரிதான் இது. நாம் கட்டுகிற பணத்தில் வங்கி முதலில் வட்டியை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் அசலுக்கு. முதல் மாதம் கட்டிய 17,356-இல் வட்டி 14,167. அசலுக்குப் போனது 3,189. இன்னும் பாக்கி பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம். ஐந்து லட்சத்தை இப்போது கட்டினால் பதிமூன்று லட்சத்து எழுபதாயிரமாகிவிடும்.

"அதற்குப் பிறகு இரண்டு வழி உண்டு. மாதம் கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பதினேழு வருடமும் இழுத்தால், இன்னும் பன்னிரண்டே கால் லட்சம் வட்டி போகும். மாதம் கட்டுவது அதே 17,356 இருக்கட்டும், காலத்தைச் சுருக்கு என்றால் நூற்றுப்பதினாறு மாதத்தில் எல்லாம் முடியும். வட்டி ஆறு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்தான். எட்டரை சதவீதம் இப்படியே இருந்தால் இதுதான் கணக்கு. ஐந்து லட்சத்து எண்பதாயிரம் மிச்சம், அப்பா. நீங்கள் விற்ற நிலத்தைவிட அதிகம்."

அருள்செல்வி தொண்டையைச் செருமினாள். அடுத்த வரிகள் கணக்கு இல்லை.

"இங்கே எங்கள் மேலதிகாரிக்கு என் கடன் தெரியும். 'வீட்டு லோன் இருக்கிற ஆளு எங்க போயிடப் போறான்' என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். சம்பள உயர்வு கேட்க வாய் வரவில்லை. முதல் வழியில் போனால் நான் வெளியே வரும்போது எனக்கு நாற்பத்தைந்து. இரண்டாவதில் முப்பத்தெட்டுகூட ஆகாது. ஆகவே வங்கியில் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஃபாரத்தில் அதற்கான கட்டத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். தவணையைக் குறைங்க, அந்த ஒரு வார்த்தை போதும்."

ஆசீர்வாதத்துக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்து நழுவினாலும் அந்த வார்த்தை பசைபோல் ஒட்டிக்கொண்டது. தவணை அவருக்கு அந்நியமில்லை. 'அறுப்புவரைக்கும் தவணை கொடுங்க', 'தை பொறக்கட்டும், அதுவரை தவணை' என்று உரக்கடையில் நின்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். அந்த வீட்டில் தவணை என்றால் காலம், கெடு. மகன் அதைக் கற்றதும் அவரிடம்தான்.

மே மாதம், செக்கோடு திருக்காட்டுப்பள்ளிக் கிளைக்குப் போனார். கடன் பிரிவில் குந்தவை என்கிற இளம் அதிகாரி. மரியாதையான பெண், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஃபாரத்தைப் பார்த்துவிட்டுச் சரியாகத்தான் கேட்டாள்.

"ஐயா, மாசத்தக் குறைக்கணுமா, தவணையக் குறைக்கணுமா?"

அவள் கேட்டது மாதங்களின் எண்ணிக்கையையா, மாதாமாதம் கட்டும் தொகையையா என்று. வங்கியில் தவணை என்றால் தொகை. ஆசீர்வாதத்தின் காதில் விழுந்ததோ தலைகீழாக. மாசம் என்றால் மாசாமாசம் கட்டுகிற பணம். தவணை என்றால் காலம். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள், அதுதான் வினை.

"தவணையத்தாங்க. பையன் படிச்சுப் படிச்சு சொல்லிருக்கான்."

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க. தவணையக் குறைங்க."

டிக் விழுந்தது. அவரும் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஒரு டீ குடித்தார். மகனுக்காக ஒரு காரியத்தை முழுசாகச் செய்து முடித்த நிறைவில் இன்னொரு டீயும் குடித்தார்.

கடன் அப்பா, மகன் இருவர் பேரிலும். தவணை பிடிப்பது அவர் கணக்கில். ஜூன் ஐந்தாம் தேதி அதிலிருந்து 12,715 மட்டும் போயிற்று. ஜெனித் மாதாமாதம் அனுப்புவது பதினேழாயிரத்து ஐந்நூறு. மிச்சம் நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல் சும்மா கிடந்தது. அப்போதே அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிலத்தை விற்றுக் கட்டியிருக்கிறோமே, அதற்கு வங்கி காட்டும் தாட்சண்யம் போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கைக்கு வந்த சந்தோஷத்தை உரசிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

சந்தோஷத்துக்கு உடனே வேலையும் வந்தது. மகள் லின்சி தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு பஸ் மாறி, போக வர மூன்று மணி நேரம். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னேயே கண் சொருகுவாள். மூன்றாம் வருடம் தொடங்குமுன் ஆசீர்வாதம் அவளைக் கூப்பிட்டு, "பாப்பா, ஹாஸ்டல்ல சேந்துக்க. மாசம் நாலாயிரத்து ஐந்நூறுதானே, அப்பா பாத்துக்கறேன்," என்றார். லின்சி ஒரு நிமிடம் நம்பவில்லை. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக யாரையும் சந்தோஷப்படுத்தியதில்லை.

ஆகஸ்ட் கடைசி. பூண்டி மாதா திருவிழாவுக்கு ஜெனித் வருகிறான் என்று அருள்செல்வி அலமாரியை ஒதுக்கினாள். கடிதம் கையில் பட்டது. மகன் எழுத்தாயிற்றே என்று நின்றபடி மறுபடி வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏங்க, 'மாதம் கட்டுவது அதே 17,356 இருக்கட்டும்'னு எழுதிருக்கான். நமக்கு ஏங்க கொறஞ்சு போவுது?"

ஆசீர்வாதத்துக்கு விஷயம் புரிய அரை நிமிடம்தான் ஆயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

குந்தவை கணினியைப் பார்த்துச் சொன்னாள். "கடைசித் தவணை 2042 மே மாசம், ஐயா. மாசத்தக் குறைச்சிருந்தா 2035 ஜனவரியில முடிஞ்சிருக்கும்."

"எத்தன மாசம் வித்தியாசம்?"

"எண்பத்தெட்டு."

ஏழு வருடம் நாலு மாதம். ஒரு வார்த்தையில் மகன் தலைமேல் ஏழு வருடத்தைத் தூக்கி வைத்துவிட்டார். நிலமும் போயிற்று, அந்த நிலம் மகனுக்கு மீட்டுத் தந்திருக்க வேண்டிய காலமும் போயிற்று.

"மாத்தலாங்க, பயப்படாதீங்க," என்றாள் அவள். "புது ஃபாரம் தர்றேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பழையபடி 17,356 ஆயிடும். மூணு மாசந்தானே போயிருக்கு, பெரிய நஷ்டமில்ல."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். பழையபடி ஆனால் ஹாஸ்டல்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வா என்று லின்சியிடம் எந்த வாயால் சொல்வது? மாற்றாமல் விட்டாலோ ஓசூரில் அந்த மேலதிகாரியிடம் மகன் நாற்பத்தைந்து வயதுவரை தலை குனிந்து நிற்க வேண்டும். மகனைப் பிடித்தால் மகள் விழுகிறாள், மகளைப் பிடித்தால் மகன். மிச்சமிருக்கும் இரண்டு மா நிலத்தில் விளைவது வீட்டுச் சாப்பாட்டுக்கும் உரக்கடைக்கும் சரியாகப் போகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுவரில்தான் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனித் போன் செய்தான். குரலில் பழைய சோர்வு இல்லை. "அப்பா, நாள்காட்டில எழுதி வச்சிட்டேன், 2035 ஜனவரி. அந்த ஆளு எதாவது சொன்னா அதப் பாத்துக்குவேன். மூணு மாசம் போயிடுச்சு, இன்னும் நூத்திப்பதிமூணுதான்."

"ஆமாம்ப்பா," என்றார் ஆசீர்வாதம்.

போனை வைத்தபின் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. பொய் சொன்னதற்குக்கூட அல்ல, அந்த ஜூன் மாதம் கேட்காமல் இருந்தாரே, அதற்கு.

மறுநாள் காலை மறுபடி வங்கிக்குப் போனார். "அம்மா, பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் இப்படியே போயி, அப்புறம் பழைய தொகைக்கு மாத்தினா எப்ப முடியும்?"

குந்தவை தட்டிப் பார்த்தாள். "2036 மே, ஐயா. உங்க பையன் நெனச்சதவிட பதினாறு மாசம் கூட. வட்டியில ஒண்ணர லட்சம்போல கூடப் போவும்."

வீட்டுக்கு வந்து அருள்செல்வியிடம் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நடந்ததை மறைக்கவில்லை. டீ குடித்ததுவரை சொன்னார். எண்பத்தெட்டும் எழுதச் சொன்னார், பதினாறும் எழுதச் சொன்னார். கடைசியில் நின்றுவிட்டார்.

"என்னன்னு முடிக்க?" என்றாள் அவள்.

"தம்பி, ஒங்கிட்ட தவணை கேக்குறேன். பாப்பா படிப்பு முடியறவரைக்கும், ரெண்டு வருஷம். முடியாதுன்னா, பாங்குல குடுத்த புது ஃபாரத்தக் கூட வச்சிருக்கேன், அதுல இப்பவே கையெழுத்துப் போட்டு அனுப்பு, நான் பாப்பாகிட்ட சொல்லிக்கறேன்."

திருவிழாவுக்கு ஜெனித் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவுக்கு மட்டும் போன் வந்தது. பத்து நாள் எந்தப் பேச்சும் இல்லை. பதினோராம் நாள் கூரியர்.

அருள்செல்வி பிரித்தாள். ஃபாரத்தில் இந்த முறை எல்லாம் நிரப்பியிருந்தது. மாதங்களைக் குறைக்கும் கட்டத்தில் மகனே அழுத்தி டிக் போட்டிருந்தான். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி: 1.9.2027. இரண்டு வருடம் தள்ளி.

கூட ஒரு துண்டுச் சீட்டு. "அப்பா, தவணை கொடுத்தேன். லின்சிக்குத் தெரிய வேண்டாம். நாள்காட்டியைத் திருத்திவிட்டேன். நீங்களும் கீழே கையெழுத்துப் போட்டு, அதே தேதியை உங்கள் கையால் எழுதுங்கள். எழுதியதைப் படம் எடுத்து அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள்."

வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் தவணை வாங்கியவர் ஆசீர்வாதம். கேட்டவுடன் கொடுத்தவர்கள் உண்டு, திட்டிவிட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. அவர் வாய்ச்சொல்லை நம்பாமல் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியவன் இவன் ஒருவன்தான். அவன் செய்தது சரி என்று தெரிந்ததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மேசையருகே உட்கார்ந்து, பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினார். அருள்செல்வி போனில் படம் எடுத்தாள்.