சித்தி என்ற கட்டம்

இங்கிலீஷ்காரனுக்கு உறவு சொல்லப் பஞ்சம். அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அவனிடம் இருப்பது ஒரே ஒரு ‘ஆன்ட்’. அதனால்தான் மெல்பர்னில் வளரும் என் ஆறு மாணவர்களுக்காக உறவுமுறை அட்டவணை ஒன்றை நானே தயாரித்தேன். இடப்பக்கம் தமிழ்ச்சொல், நடுவில் ஆங்கில விளக்கம், வலப்பக்கம் அவரவர் வீட்டு ஆள் பெயரை எழுத ஒரு கட்டம். இங்கே ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடைக்கு மேலே உள்ள வாடகை அறையிலிருந்து ஞாயிறுதோறும் ஆன்லைனில் தமிழ் கற்பிக்கிறேன்.

அந்த ஆறு பேரில் ஒன்பது வயது ஜெஸ்லின் என் அக்கா மகள். அக்கா இறந்து மூன்று வருடமாகிறது. போன வருடம் அத்தான் பினு, ஜிஜி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதோடு அவர்கள் வீட்டிலிருந்து போன் வருவது நின்றது. வகுப்பு மட்டும் மிச்சம். மற்ற பிள்ளைகள் பாரபட்சம் என்று நினைக்கக்கூடாதே என்று, வகுப்பில் அவளும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டுமென ஆரம்பத்தில் நானே சொல்லிவைத்தேன். அவள் வாயால் ‘சித்தி’ என்று கேட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த அட்டவணையையே போட்டேன் என்றாலும் பொய்யில்லை.

‘சித்தி: அம்மாவின் தங்கை, சித்தப்பாவின் மனைவி’ என்று ஆங்கிலத்தில் எழுதி நிறுத்திக்கொண்டேன். அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான். தெரிந்தேதான் விட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

இந்த ஞாயிறு பிள்ளைகள் பெயர் நிரப்பிய தாளை ஒவ்வொருவராக வாசித்தார்கள். ஜெஸ்லின் முறை வந்தது.

“சித்தி... ஜிஜி,” என்றாள். பிறகு தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அழித்து அழித்து எழுதியதில் அந்தக் கட்டம் கிழிந்திருந்தது. “மிஸ், ஜிஜி மம்மியோட சிஸ்டர் இல்லல்லா? சும்மா ஜிஜின்னு கூப்பிட்டா டாடி ஏசுவாங்க. சித்தின்னு கூப்பிடணுமாம். உங்க டேபிள்படி அது தப்பா?”

தப்பு என்று சொன்னால் போதும், அந்தச் சொல் எனக்கே திரும்பி வந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. திரையில் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பயந்தால் அப்படித்தான்.

“தப்பில்ல மக்களே. மிஸ்தான் ஒண்ண விட்டுட்டேன்,” என்றேன். எல்லோரும் பார்க்க, அந்த வரிசையில் ‘ஸ்டெப்மதர்’ என்று சேர்த்தேன். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

அவள் முகம் தெளிந்தது. “அப்ப நீங்களும் சித்தி, ஜிஜியும் சித்தியா?”

“ஆமா. ஒரு வார்த்தைக்குள்ள எத்தன பேரு வேணும்னாலும் இருக்கலாம்.”

அவள் சந்தோஷமாகப் பென்சிலை எடுத்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கட்டம் சின்னது மிஸ். ஒரு பேருதான் கொள்ளும்.”

அந்தக் கட்டத்தை அளந்து வரைந்தது நான்தான்.

“பரவால்ல, அப்படியே இருக்கட்டு,” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.